வட்டி குறையும், செலவு எப்போது திரும்பும்?

வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றும்முன் போட வேண்டிய கணக்கு

“உங்க ஹோம் லோன் எங்க சார் இருக்கு? எங்க பேங்க்குக்கு மாத்திக்கிட்டீங்கன்னா மாசம் ஐயாயிரம் ரூபா மிச்சம். பிராசசிங் ஃபீ மட்டும் கட்டினாப் போதும், மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்.”

வீட்டுக் கடன் வாங்கிய பலருக்கும் இப்படி ஒரு போன் வந்திருக்கும். 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி படிப்படியாகக் குறைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. ரெப்போவோடு நேரடியாக இணைக்கப்பட்ட கடன்களுக்கு வட்டி தானாகக் குறைந்தது. பழைய முறையில் கடன் வாங்கியவர்களும், தங்கள் சொந்த அளவுகோலை வைத்து வட்டி போடும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் வாங்கியவர்களும் அந்த அளவுக்குப் பலன் பெறவில்லை. கடனை மாற்றலாமா என்ற கேள்வி பெரும்பாலும் இவர்களுக்குத்தான் வருகிறது.

மாற்றுவதற்கு ஒரு செலவு இருக்கிறது. அதை முதலிலேயே மொத்தமாகக் கட்டிவிடுகிறோம். வட்டி குறைவதால் கிடைக்கும் லாபமோ மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. கட்டிய செலவு முழுவதும் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய கணக்கு. அந்த மாதம் வரை நமக்கு லாபம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மிச்சமாவது மட்டுமே லாபம். அதற்குள் கடனை அடைத்துவிட்டாலோ வீட்டை விற்றுவிட்டாலோ மாற்றியது நஷ்டம்.

கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் தவறாகத்தான் போடுகிறோம். ஒரு பக்கம் செலவைக் குறைத்துக் காட்டுகிறோம், மறுபக்கம் லாபத்தைக் கூட்டிக் காட்டுகிறோம். ஒரு கடனை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போட்டுப் பார்த்தால் இரண்டு தவறும் எங்கே நுழைகின்றன என்று தெரிந்துவிடும்.

ஒரு கடன், இரண்டு வட்டி

தஞ்சாவூரில் வீடு கட்டிய ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் மாறும் வட்டியில் கடன் வாங்கியிருக்கிறார். இன்றைய தேதியில் பாக்கி 30 லட்சம் ரூபாய். இன்னும் 15 ஆண்டு, அதாவது 180 தவணை இருக்கிறது. வட்டி 9.25 சதவீதம். மாதத் தவணை 30,876 ரூபாய். ஒரு வங்கி 8.25 சதவீதத்துக்குக் கடனை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது.

முதல் மாதக் கணக்கைப் பார்ப்போம். 30 லட்சத்துக்கு ஒரு சதவீத வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 30,000 ரூபாய். மாதத்துக்கு 2,500. பழைய இடத்தில் முதல் மாத வட்டி 23,125 ரூபாய். புதிய இடத்தில் 20,625. மாற்றினால் மாதம் ஏறக்குறைய 2,500 ரூபாய் வட்டி மிச்சம் என்பது சரிதான்.

செலவையும் இதேபோல் எளிதாகப் போட்டால், வங்கி சொன்ன பிராசசிங் கட்டணம் அரை சதவீதம், அதாவது 15,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,700. ஆகமொத்தம் 17,700. இதை 2,500-ஆல் வகுத்தால் 7 மாதம். “ஏழே மாசத்துல போட்ட காசு வந்துடும் மேடம்” என்று போனில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

சொல்லப்படாத செலவுகள்

பிராசசிங் கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். புதிய வங்கிக்கு உங்கள் வீடு புதிது. அதனால் பத்திரங்களை அவர்களுடைய வழக்கறிஞர் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளந்து மதிப்புப் போட வேண்டும். சில வங்கிகள் இந்த இரண்டையும் பிராசசிங் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்கின்றன. பல இடங்களில் தனியாகக் கட்ட வேண்டும். ஆசிரியைக்கு இதற்கு 6,000 ரூபாய் என்று வைப்போம்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். பலர் கணக்கில் விட்டுவிடும் செலவு இது. தமிழ்நாட்டில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும்போது, பத்திரத்தை ஒப்படைத்ததற்கான எம்ஓடி ஆவணத்தைப் பதிவு செய்கிறோம். கடன் தொகையை வைத்து அதற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு; இரண்டுக்கும் உச்ச வரம்பும் உண்டு. பழைய நிறுவனத்துக்கு எழுதிய எம்ஓடிக்கு ஏற்கெனவே செலவு செய்திருப்பீர்கள். அது புதிய வங்கிக்குச் செல்லாது. பழையதை ரசீது ஆவணம் எழுதி விடுவித்து, புதிய வங்கியின் பெயரில் மறுபடியும் எழுத வேண்டும். ஆசிரியையின் கடனுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 21,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரசீது ஆவணம், வில்லங்கச் சான்று, ஆவண எழுத்தர் கூலி என்று இன்னும் 3,300 ரூபாய்.

எல்லாவற்றையும் கூட்டினால் 48,000 ரூபாய். போனில் சொன்ன தொகையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். இதை 2,500-ஆல் வகுத்தால் 19 மாதத்துக்குச் சற்று அதிகம். ஏழு மாதம் என்றது ஒன்றரை ஆண்டைத் தாண்டிவிட்டது. “பிராசசிங் ஃபீ முழுத் தள்ளுபடி” என்று விளம்பரம் வரும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். 17,700 ரூபாய் போனாலும் மீதி 30,300 ரூபாய் அப்படியே இருக்கும். அரசுக்குக் கட்டுவதை எந்த வங்கியும் தள்ளுபடி செய்ய முடியாது.

பழைய இடத்தில் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கேட்பார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கும் இதே விதி உண்டு. கடன் நிலையான வட்டியில் இருந்தால் மட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் அடைப்புக் கட்டணம் இருந்தால் அதுவும் செலவுப் பட்டியலில் சேரும்.

இன்னொரு வரி தனியாக வந்து நிற்கும்: கடனுக்கான காப்பீடு. புதிய கடனோடு ஒற்றைப் பிரீமியக் காப்பீடு ஒன்றைச் சேர்த்து, பிரீமியத்தையும் கடன் தொகையிலேயே ஏற்றிவிடுவது பரவலாக நடக்கிறது. உதாரணமாக அது 60,000 ரூபாய் என்றால், செலவு 1,08,000 ஆகிவிடும். 19 மாதம் 43 மாதமாகிவிடும். காப்பீடு வேண்டுமானால் தனியாக டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். கடன் மாற்றத்துக்கு அது நிபந்தனை இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தவணை குறைவது ஒன்று, வட்டி குறைவது வேறு

செலவுப் பக்கம் முடிந்தது. லாபப் பக்கத்தில் இன்னும் பெரிய பொறி இருக்கிறது.

ஆசிரியை அதே 15 ஆண்டுக்கு 8.25 சதவீதத்தில் மாற்றினால் புதிய தவணை 29,104 ரூபாய். முன்பைவிட 1,772 ரூபாய் குறைவு. வட்டியில் 2,500 ரூபாய் மிச்சம் என்றோமே, தவணையில் 1,772 மட்டும்தானே குறைகிறது என்று தோன்றும். மீதி 728 ரூபாய் எங்கும் போய்விடவில்லை. புதிய தவணையில் அசலுக்குப் போகும் பங்கு அந்த அளவுக்குக் கூடுகிறது. கைக்கு வருவது 1,772; கடனில் கழிவது 728. கைக்கு வருவதை மட்டும் எண்ணினால் 48,000 ரூபாய் திரும்ப 27 மாதம் ஆகும். கடன் வேகமாகக் குறைவதையும் சேர்த்தால் 19 மாதம்.

இப்போது போனில் சொன்ன அந்த ஐயாயிரத்துக்கு வருவோம். 15 ஆண்டு பாக்கி இருக்கும் கடனை 20 ஆண்டுக் கடனாக மாற்றினால் 8.25 சதவீதத்தில் தவணை 25,562 ரூபாய். முன்பைவிட 5,314 ரூபாய் குறைவு. 48,000 ரூபாயை இதனால் வகுத்தால் 9 மாதத்தில் செலவு திரும்பிவிட்டதுபோல் தெரியும். மொத்தக் கணக்கைப் பாருங்கள். பழைய கடனில் 180 தவணைக்கு அவர் கட்டியிருப்பது ஏறக்குறைய 55.58 லட்சம். புதிய கடனில் 240 தவணைக்குக் கட்டுவது 61.35 லட்சம். வட்டி ஒரு சதவீதம் குறைந்தும் 5.77 லட்சம் கூடுதலாகக் கட்டுகிறார். மாற்றிய செலவு இதில் சேரவில்லை.

மாதம் குறைந்த அந்த 5,314 ரூபாயில் பெரும்பகுதி வட்டியில் மிச்சமானது இல்லை. இந்த மாதம் அடைக்க வேண்டிய அசலைப் பிந்தைய ஆண்டுகளுக்குத் தள்ளிப் போட்டதால் கிடைத்தது. குடும்பத்தில் பணமுடை இருந்து தவணை குறைந்தே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் அதை லாபம் என்று எண்ணிச் செலவைத் திருப்பும் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடனை மாற்றும்போது புதிய காலம், பழைய கடனில் மீதமிருக்கும் காலத்தைவிட ஒரு மாதம்கூட அதிகமாக இருக்கக் கூடாது என்பதை ஒப்பிடும்போது கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சரியாக ஒப்பிட நல்ல வழி, தவணையை மாற்றாமல் பார்ப்பதுதான். புதிய வங்கியிலும் பழைய 30,876 ரூபாயையே கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் கையிலிருந்து போவது ஒன்றே என்பதால், பாக்கியில் வரும் வித்தியாசம் முழுக்க வட்டி மிச்சம்தான். எக்செல் தெரிந்தவர்கள் ஒரே வரியில் இதைப் பார்க்கலாம். 19-வது மாத முடிவில் இரண்டு பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் இது:

```
=FV(9.25%/12,19,30876,-3000000)-FV(8.25%/12,19,30876,-3000000)
```

விடை ஏறக்குறைய 49,360 ரூபாய். 19-க்குப் பதிலாக 18 என்று போட்டால் 46,660 வரும். ஆக, 48,000 ரூபாய் செலவு 19-வது மாதத்தில் திரும்பிவிடுகிறது. வெறும் வகுத்தலில் வந்த விடையோடு இது ஒத்துப் போகிறது. கடன் பெரிதாகவும் காலம் நீளமாகவும் இருக்கும்போது அந்தச் சுலபக் கணக்கையே நம்பலாம். இதே தவணையைத் தொடர்ந்து கட்டினால் ஆசிரியையின் கடன் 161 மாதத்தில் முடியும். 19 தவணை மிச்சம். மொத்தம் ஏறக்குறைய 5.9 லட்சம், அதில் செலவு 48,000 போக மீதி லாபம்.

கணக்கில் கறாராக இருப்பவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள். அந்த 48,000 ரூபாயைப் புதிய வங்கிக்கும் பதிவாளருக்கும் கொடுக்காமல் பழைய கடனிலேயே அசலாகக் கட்டியிருந்தால்? அதுவும் 9.25 சதவீத வட்டியை மிச்சப்படுத்தியிருக்குமே. நியாயமான கேள்வி. செலவழித்த பணத்துக்கான அந்த வட்டியையும் சேர்த்தால், செலவு திரும்புவது 22-வது மாதத்தில். மூன்று மாதம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். விடை ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்ற அளவில் இருந்தால் இந்தத் திருத்தம் முடிவை மாற்றாது. விடை நாலு, ஐந்து ஆண்டு என்று வந்தால் கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசி ஆண்டுகளில் கணக்கு ஏமாற்றும்

சுலபக் கணக்கு எங்கே கைவிடும் என்று பார்க்க வேறொரு கடனை எடுத்துக்கொள்வோம். பாக்கி 6 லட்சம், இன்னும் 4 ஆண்டு, அதாவது 48 தவணை. வட்டி வித்தியாசம் அதே ஒரு சதவீதம்: 9.25-லிருந்து 8.25. கடன் சிறியது என்பதால் கட்டணங்களும் குறைவு. எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைப்போம்.

6 லட்சத்துக்கு ஒரு சதவீதம் ஆண்டுக்கு 6,000; மாதம் 500. 20,000 ரூபாயை 500-ஆல் வகுத்தால் 40 மாதம். 48 மாதம் பாக்கி இருக்கிறதே, கடைசி 8 மாதம் லாபம்தானே என்று தோன்றும்.

உண்மையில் இந்தச் செலவு திரும்பவே திரும்பாது. பழைய தவணை 15,002 ரூபாய், புதியது 14,718. மாதம் 284 ரூபாய் குறைகிறது. 48 மாதத்துக்கும் சேர்த்து மிச்சமாவது ஏறக்குறைய 13,600 ரூபாய். 20,000 கொடுத்து 13,600 வாங்குவதாக முடிகிறது.

காரணம், மாதம் 500 ரூபாய் மிச்சம் என்பது பாக்கி 6 லட்சமாக இருக்கும்வரைதான். நாலு ஆண்டில் முடியப் போகும் கடனில் தவணையின் பெரும்பகுதி அசலுக்குத்தான் போகிறது. பாக்கி வேகமாகச் சரிகிறது. இரண்டு ஆண்டு முடிவதற்குள் பாக்கி பாதிக்கு அருகில் வந்துவிடும். மிச்சமும் 500-லிருந்து பாதிக்கு அருகில் வந்துவிடும். கடைசி ஆண்டில் ஒரு சதவீதம் என்பது வெறும் சில்லறை. 15 ஆண்டுக் கடனிலோ முதல் இரண்டு ஆண்டில் அசல் கொஞ்சம்தான் குறைகிறது. அதனால்தான் அங்கே வகுத்தல் கணக்கு சரியாக வந்தது.

ஆகவே வகுத்து வரும் விடையை, மீதமிருக்கும் காலத்தோடு வைத்துப் பாருங்கள். விடை மீதிக் காலத்தில் கால் பங்குக்குள் இருந்தால் கவலை இல்லை. பாதியைத் தாண்டினால் அந்த விடையை நம்பாமல், மொத்தத் தவணைகளைக் கூட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆசிரியைக்கு 180-ல் 19. இரண்டாவது கடனுக்கு 48-ல் 40. வித்தியாசம் அங்கேயே தெரிகிறது.

முதலில் பழைய இடத்தில் கேளுங்கள்

இதுவரை 9.25-ஐயும் 8.25-ஐயும் ஒப்பிட்டோம். இருக்கும் இடத்தில் 9.25 மாறாமல் அப்படியே நிற்கும் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அது சரியா என்று ஆசிரியை தன் நிதி நிறுவனத்திலேயே கேட்டுப் பார்க்க வேண்டும்.

கவுன்ட்டரில் போய், “வட்டி குறைக்க முடியுமா?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் சுற்றி வரும். கடனை வேறு இடத்துக்கு மாற்றப் போவதாகச் சொல்லி, அடைப்பதற்கான பாக்கித் தொகைக் கடிதமும், ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் பேச்சு மாறும்.

“எதுக்கு மேடம் மாத்தறீங்க? கன்வெர்ஷன் ஃபீ கட்டினா நாங்களே 8.75-க்குக் குறைச்சுத் தர்றோம்.”

“கன்வெர்ஷனுக்கு எவ்வளவு சார் ஆகும்?”

“ஐயாயிரம், பிளஸ் ஜிஎஸ்டி. பத்திரம், ரெஜிஸ்ட்ரேஷன் எதுவும் கிடையாது.”

இது வழக்கமாக நடக்கும் பேச்சுதான். நல்ல வாடிக்கையாளரை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. 5,000-மும் ஜிஎஸ்டி 900-மும் சேர்த்து 5,900 ரூபாய். வட்டி அரை சதவீதம் குறைகிறது. மாதம் 1,250 ரூபாய் மிச்சம். செலவு 5 மாதத்துக்குள் திரும்பிவிடும். புதிய பத்திரம் வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டாம்.

இப்போது புதிய வங்கியை எதோடு ஒப்பிட வேண்டும்? 9.25-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. அந்த வட்டி இனி யாருக்கும் வேண்டியதில்லை. 8.75-ஓடுதான் ஒப்பிட வேண்டும். 8.25-க்குப் போவதால் கூடுதலாகக் கிடைப்பது இன்னொரு அரை சதவீதம்; மாதம் 1,250. அதற்காகக் கூடுதலாகச் செலவாவது 48,000-லிருந்து 5,900 போக 42,100 ரூபாய். வகுத்தால் ஏறக்குறைய 34 மாதம். 19 மாதமாகத் தெரிந்தது மூன்று ஆண்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

கடன் ஏற்கெனவே வங்கியில் இருப்பவர்களுக்கும் இதே சோதனை உண்டு, வடிவம் மட்டும் கொஞ்சம் வேறு. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி திருத்தப்படும். உங்கள் கடன் அதற்கு முந்தைய எம்சிஎல்ஆர் முறையிலோ, அதற்கும் முந்தைய அடிப்படை வட்டி முறையிலோ இருந்தால், அதே வங்கியில் ரெப்போ முறைக்கு மாறலாமா என்று முதலில் கேளுங்கள். ஏற்கெனவே ரெப்போவில் இருந்தால், அடுத்த திருத்தத் தேதி எப்போது என்று பாருங்கள். அடுத்த மாதம் தானாகக் குறையப் போகும் வட்டிக்காக 48,000 செலவழிக்கத் தேவையில்லை.

வித்தியாசம் எத்தனை நாள் நிற்கும்?

34 மாதம் என்ற கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அத்தனை மாதமும் இரண்டு வட்டிக்கும் உள்ள அரை சதவீத இடைவெளி அப்படியே இருக்க வேண்டும்.

ரெப்போவோடு இணைந்த கடனில் வட்டி இரண்டு துண்டுகளால் ஆனது: ரெப்போ, அதன் மேல் வங்கி வைக்கும் கூடுதல். அந்தக் கூடுதலை ஸ்ப்ரெட் என்பார்கள். ரெப்போ ஏறினால் இரண்டு வங்கியிலும் ஏறும், இறங்கினால் இரண்டிலும் இறங்கும். இரண்டு கடனும் ரெப்போ கடன்களாக இருந்தால் இடைவெளியைத் தீர்மானிப்பது ஸ்ப்ரெட் மட்டும்தான். ஆகவே புதிய வங்கியிடம் “வட்டி எவ்வளவு?” என்று கேட்பதோடு “ரெப்போவுக்கு மேல் எவ்வளவு?” என்றும் கேட்க வேண்டும். இன்று 8.25 என்பதில் ரெப்போ 5.25 என்றால் ஸ்ப்ரெட் 3. இந்த 3 கடன் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா, முதல் சில மாதத்துக்கு மட்டும் தரும் சலுகையா என்று பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் ரெப்போ, மறுபக்கம் நிறுவனத்தின் சொந்த அளவுகோல் என்றால் இடைவெளியை முன்கூட்டிச் சொல்ல முடியாது. வட்டி இறங்கும் காலத்தில் ரெப்போ கடன் சீக்கிரம் இறங்கும், இடைவெளி கூடும். ஏறும் காலத்தில் ரெப்போ கடன் சீக்கிரம் ஏறும், இடைவெளி சுருங்கும். 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆனது. ஓராண்டுகூட ஆகாமல் இரண்டரை சதவீதம் ஏறியதைக் கடன்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். செலவு 7 மாதத்தில் திரும்பும் மாற்றத்துக்கு இது பெரிய ஆபத்து இல்லை. 34 மாதம் ஆகும் மாற்றத்துக்கு இது நிஜமான ஆபத்து.

எழுத்தில் கேட்க வேண்டியவை

கணக்குப் போட நான்கு எண்கள் போதும்: இன்றைய பாக்கி, மீதமிருக்கும் மாதம், இரு இடத்து வட்டி, மொத்தச் செலவு. முதல் இரண்டும் பழைய இடத்துக் கணக்கு அறிக்கையில் இருக்கும். மொத்தச் செலவுக்குப் புதிய வங்கியிடம் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வீட்டுக் கடன் போன்ற எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அதில் வராமல் போகலாம். அவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்திலோ ஆவண எழுத்தரிடமோ கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் வாரங்களில் இரண்டு இடங்களில் பணம் ஒழுகும். புதிய வங்கி கடன் தொகையை விடுவித்த நாளிலிருந்து அங்கே வட்டி ஓடத் தொடங்கும். காசோலை பழைய இடத்தில் வரவு வைக்கப்படும்வரை இங்கேயும் வட்டி ஓடும். 30 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டியே 700 ரூபாய்க்கு மேல். ஒரு வாரம் இழுத்தால் 5,000 போய்விடும். பாக்கித் தொகைக் கடிதத்தில் எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும் என்று பார்த்து, அதற்குள் காசோலை போய்ச் சேரும்படி நாள் குறித்துக்கொள்வது நல்லது. பழைய நிறுவனத்துக்குக் கொடுத்த தவணைப் பிடித்த உத்தரவையும் அப்போதே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

பாக்கி முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பழைய எம்ஓடி ரத்தான விவரம் வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஏறாவிட்டால், வீட்டை விற்கப் போகும்போது கிடைக்காத பழைய ரசீதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஆசிரியை என்ன செய்யலாம்?

அவருக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் 9.25-லேயே இருப்பது எந்தக் கணக்கிலும் தேறாது. மற்ற இரண்டில் எது என்பதை அவருடைய அடுத்த மூன்று ஆண்டு தீர்மானிக்கும்.

அவருக்கு ஓய்வுபெற இரண்டு ஆண்டுதான் இருக்கிறது, பணிக்கொடையும் சேமநிதியும் வந்ததும் கடனை மொத்தமாக அடைத்துவிடப் போகிறார் என்றால், 34 மாதத்தில் திரும்பும் செலவை அவர் செய்யக் கூடாது. 5,900 கட்டி 8.75-க்கு இறக்கிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வயது நாற்பதுக்குள், வேறு வரவு எதுவும் இல்லை, 15 ஆண்டும் தவணைதான் கட்டப் போகிறார் என்றால் 8.25-க்குப் போகலாம், ஸ்ப்ரெட் எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும், தவணையை 30,876-லேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையோடு. கடனும் வட்டியும் செலவும் ஒன்றேதான். கடனில் எத்தனை நாள் இருக்கப் போகிறார் என்பது மட்டும் வேறு. வங்கியிலிருந்து போன் செய்பவருக்குத் தெரியாத எண் அது ஒன்றுதான். அதைத் தெரிந்துகொண்டு பேசத் தொடங்கினால், மீதிக் கணக்கு முழுவதையும் ஒரு கால்குலேட்டரில் போட்டுவிடலாம்.